எண்பத்தஞ்சு, எழுபத்துநாலு

அந்தப் பெரியவரின் பணம் போக வேண்டிய கணக்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு பைசா நஷ்டமில்லை, ஒருவர் மேலும் புகார் இல்லை. நடந்தது 2017-இல். அப்புறம் எத்தனையோ பெரிய தொகைகளை என் கையால் அனுப்பியிருக்கிறேன், அவற்றில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. இது மட்டும் போக மாட்டேன் என்கிறது. அன்றைக்கு நான் அந்தச் செக்கை முன்பக்கம் மேலே தெரியும்படி வைத்துக் குண்டூசி குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரிகளில் யோசிக்கிறேன். தப்பைக் கண்டுபிடித்தேன் என்று அன்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊரில் வங்கிக் கிளை. நான் கிளார்க்காகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். பணம் வாங்குவது, கொடுப்பது, பாஸ்புக் அடிப்பது எல்லாம் கை பழகியிருந்தது. பெரிய தொகைகளை வேறு வங்கிக் கணக்குக்கு உடனே அனுப்பும் ஆர்டிஜிஎஸ் என்ட்ரி போடும் வேலையை அப்போதுதான் என்னிடம் கொடுத்திருந்தார்கள். என் சீட்டுக்குப் பக்கத்தில் கேஷ் பார்த்த சார் ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. கையெழுத்து லெட்ஜர் காலத்திலிருந்து வந்தவர். நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடம்தான். அவர் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

ஒன்பதால் வகுத்துப் பார்

சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் எனக்குக் கேஷ் டாலி ஆகவில்லை. 5,400 ரூபாய் இடிக்கிறது. நோட்டுகளை மூன்று தடவை எண்ணிவிட்டேன், அழுகை வந்துவிட்டது. அவர் வந்து நின்று, எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ஒன்பதால வகுத்துப் பாரும்மா" என்றார். 600 வந்தது. "மீதியில்லாம வந்துதா? அப்ப எங்கியோ ரெண்டு இலக்கம் மாறியிருக்கு. வர்ற விடையில ஆறு இருக்கு, நூறு ஸ்தானத்துல இருக்கு. ஆயிரம் இடத்துலயும் நூறு இடத்துலயும் ஆறு வித்தியாசமா ரெண்டு இலக்கம் உட்கார்ந்திருக்கிற என்ட்ரியைத் தேடு." பத்து நிமிஷத்தில் கிடைத்தது. சலானில் 27,100. நான் அடித்திருந்தது 21,700. ஏழும் ஒன்றும் இடம் மாறியிருந்தன.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஓர் இலக்கம் பத்து ஸ்தானத்தில் நின்றால் பத்து மடங்கு, ஒன்று ஸ்தானத்தில் நின்றால் ஒரு மடங்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும்போது ஒன்று ஒன்பது மடங்கு கூடுகிறது, இன்னொன்று ஒன்பது மடங்கு குறைகிறது. ஆகவே வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். வேறு தப்பினாலும் ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் வரலாம் என்பதால் இதை ஒரு துப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது பெரிய ஆயுதம் கிடைத்த மாதிரி இருந்தது. இனி இலக்கம் மாறினால் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினேன். நான் கவனிக்கத் தவறிய ஒன்று இருந்தது. அன்றைக்கு அந்தக் கணக்கு வேலை செய்ததற்குக் காரணம், என் கையில் இருந்த நோட்டுகள். ஸ்கிரீனில் ஒரு மொத்தம், டிராயரில் இன்னொரு மொத்தம். இரண்டு மொத்தமும் தனித்தனி வழியில் வந்தவை. கழித்துப் பார்க்க இரண்டாவது எண் ஒன்று இருந்தது.

செக்கின் பின்பக்கம்

2017 ஜூனில் ஒரு நாள், மூன்றே முக்கால் இருக்கும். மஞ்சள் விவசாயி ஒருவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல். எப்போதும் என்னைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். மகளுக்குக் கோயம்புத்தூரில் வீடு வாங்குகிறார். மறுநாள் காலை பத்திரப் பதிவு. பாக்கித் தொகை கணக்கில் ஏறினால்தான் கையெழுத்துப் போட வருவேன் என்று வீட்டை விற்பவர் சொல்லிவிட்டாராம். தொகை 41,80,000 ரூபாய். அன்றைக்கெல்லாம் வாடிக்கையாளர் பெயரில் ஆர்டிஜிஎஸ் அனுப்ப நாலரை மணி வரைதான் நேரம். இருபத்துநாலு மணி நேரமும் அனுப்பலாம் என்பது 2020 டிசம்பரில்தான் வந்தது.

ஃபார்மை அவரே மேஜையில் உட்கார்ந்து நிதானமாக எழுதியிருந்தார். அழகான, பெரிய பெரிய எழுத்து. பெறுபவர் பெயர், வங்கி, கிளை, ஐஎஃப்எஸ்சி எல்லாம் இருந்தன. கணக்கு எண்ணுக்கு மட்டும் இரண்டு வரி உண்டு. முதல் வரியில் எழுதி, அடுத்த வரியில் உறுதிப்படுத்துவதற்காக மறுபடியும் எழுத வேண்டும். இரண்டு வரியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. செக்கில் தொகை எண்ணிலும் எழுத்திலும் சரியாக இருந்தது. கையெழுத்தை ஸ்கிரீனில் ஒப்பிட்டேன். கணக்கில் இருப்பு இருந்தது. என்ட்ரி போட்டேன். கணக்கு எண்ணை ஸ்கிரீனும் இரண்டு தடவை கேட்கும், இரண்டு தடவையும் ஃபார்மைப் பார்த்தே அடித்தேன். என்ட்ரி ஆபிசரின் வரிசைக்குப் போய்விட்டது. அவர் பாஸ் பண்ணிவிட்டால் பணம் கிளம்பிவிடும்.

வவுச்சரை அவர் மேஜைக்கு அனுப்ப, ஃபார்மோடு செக்கைச் சேர்த்துக் குண்டூசி குத்த எடுத்தேன். செக் கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில், ஒரு பெயரும் ஒரு கணக்கு எண்ணும் இருந்தன. பெரியவருடைய கையெழுத்து இல்லை. அதைப் படிக்க வேண்டும் என்று நான் படிக்கவில்லை. கண் தானாகக் கடைசி நாலு இலக்கத்தில் போய் நின்றது: 8574. ஃபார்மைத் திருப்பினேன். 8754. கீழ் வரியிலும் 8754.

முதலில் தோன்றியது, பென்சிலில் எழுதியவர்தான் தப்பாக எழுதியிருக்கிறார் என்று. ஃபார்மில் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருக்கிறது, செக்கில் ஒரே இடத்தில் வேறு மாதிரி. இரண்டுக்கு ஒன்று. அப்படியே விட்டிருப்பேன். கீழ் வரியில் அவர் ஏழு எழுதியிருந்த விதம் கண்ணில் பட்டதால்தான் விடவில்லை. மேல் வரியில் ஏழுக்கு நடுவே ஒரு சிறு கோடு இழுத்திருந்தார், கீழ் வரியிலும் அதே ஏழுக்கு அதே கோடு. ஃபார்மின் மற்ற இடங்களில் ஏழுக்குக் கோடே இல்லை. மேல் வரியைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகக் கீழே வரைந்திருக்கிறார். அப்போதுதான் உறைத்தது. கீழ் வரி இரண்டாவது சாட்சி இல்லை, மேல் வரியின் நகல். நான் ஸ்கிரீனில் அடித்தது மூன்றாவது நகல், மறுபடி அடித்தது நான்காவது நகல். ஆபிசர் ஸ்கிரீனையும் ஃபார்மையும் ஒப்பிட்டுப் பாஸ் பண்ணினால் அது ஐந்தாவது. அத்தனை சோதனையும் ஒரே வரியைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

எழுந்து ஓடினேன். கிளையில் அப்படி யாரும் ஓட மாட்டார்கள். ஆபிசர் சார் அந்த என்ட்ரியைத்தான் திறந்து வைத்திருந்தார். "சார், அதைப் பாஸ் பண்ணாதீங்க" என்றேன். அவர் ஃபார்மை வாங்கி ஸ்கிரீனோடு வைத்துப் பார்த்தார். "ஃபார்ம்ல ரெண்டு இடத்துலயும் ஒண்ணாத்தானே இருக்கு? ஸ்கிரீன்லயும் அதேதான். கஸ்டமர் எழுதிக் குடுத்ததை நாம அனுப்பறோம். செக் பின்னாடி பென்சில்ல இருக்கிறது வவுச்சர் ஆகுமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை, விதி அவர் பக்கம்தான். 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மின்னணு முறையில் வரும் பணத்தை, பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம், சரியான எண்ணைக் கொடுப்பது அனுப்புகிறவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். 2011 தொடக்கத்திலிருந்து அதுதான் நடைமுறை. அதில் நியாயமும் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் ஒரு கணக்கில் இன்ஷியலை முன்னால் போடுவார், இன்னொன்றில் பின்னால் போடுவார், மூன்றாவதில் அப்பா பெயரை முழுசாக எழுதுவார். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று காத்திருந்தால் நிறையப் பணம் நடுவழியில் நிற்கும். ஆனால் இதன் விளைவையும் அனுப்புகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஃபார்மில் பெறுபவர் பெயரை எவ்வளவு அழகாக எழுதினாலும், அந்தப் பக்கத்தில் பணத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது எண் மட்டுமே.

"சார், ரெண்டு நம்பர் இருக்கு. எது சரின்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சுக்கிட்டு அனுப்பலாம்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தார். எனக்கு அன்று நடந்ததில் பெரிய விஷயம் அதுதான். விதிப்படி பாஸ் பண்ணியிருக்கலாம். அவர் கையை எடுத்தார்.

பெரியவர் பெஞ்சில் இருந்தார். நம்பரை எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் 8574. "மக காலையில எழுதிக் குடுத்தா கண்ணு. செக்குப் பின்னாலயும் அவதான் எழுதினா, சீட்டுத் தொலைஞ்சா ஆகுமுன்னு." ஆபிசர் சார் "அப்ப சரியாப்போச்சு, 8574 தான்" என்றார். எனக்கும் அப்படிச் சொல்லிவிடத்தான் ஆசை, மணி நாலு ஆகிறது. ஆனால் சீட்டும் செக்கும் ஒரே கை எழுதியவை. மகள் தப்பாகக் கேட்டு எழுதியிருந்தால் இரண்டிலும் அதே தப்புதான் இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு முன் ஃபார்மின் இரண்டு வரியைப் பற்றிப் புரிந்த அதே விஷயம் இங்கேயும் நிற்கிறது.

மகளுக்குப் போன் போட்டோம். இதில் ஒரு சின்ன விஷயம் முக்கியம். "கடைசி நாலு இலக்கம் 8574 தானே?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மனிதர்கள் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். எண்ணை நாம் சொல்லாமல் அவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். அதுவும் அவர் எழுதி வைத்ததிலிருந்து இல்லை, மூலத்திலிருந்து. விற்பவர் பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாரா என்று கேட்டேன். போன வாரம் அனுப்பியது இருக்கிறது என்றார். அதைத் திறந்து படிக்கச் சொன்னேன். இரண்டிரண்டு இலக்கமாகப் படித்துக்கொண்டே வந்து கடைசியில், "எண்பத்தஞ்சு, எழுபத்துநாலு" என்றார்.

புது ஃபார்ம் எழுதி வாங்கினோம். அடித்துத் திருத்திக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். எனக்கு அந்தப் பழைய வரி அந்தத் தாளிலேயே இருக்க வேண்டாம் என்று பட்டது. பழைய என்ட்ரியை ஆபிசர் ரிஜெக்ட் பண்ணினார். புதிதாகப் போட்டு, 4.12-க்குப் பாஸ் ஆனது. பணம் வந்துவிட்டது என்று விற்பவர் மகளிடம் சொல்ல, மகள் அப்பாவுக்குப் போன் பண்ணினார். நாலரைக்குள் எல்லாம் முடிந்தது.

அந்த 8754 யாருடையது

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து முதலில் போட்ட கணக்கு, 8754-இல் 8574-ஐக் கழித்ததுதான். 180. ஒன்பதால் வகுத்தால் 20. கேஷியர் சார் சொன்ன அதே அடையாளம். ஆனால் அந்த அடையாளம் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. செக் கவிழ்ந்து விழுந்து இரண்டாவது எண் கண்ணில் பட்ட பிறகுதான் கழிக்கவே முடிந்தது. தொகையில் இலக்கம் மாறினால் சாயங்காலம் எங்காவது இடிக்கும். கணக்கு எண்ணில் மாறினால் எதுவும் இடிக்காது. 41,80,000 பற்று, 41,80,000 வரவு, டே புக் அழகாக டாலி ஆகும்.

இன்னொன்றும் அன்று தோன்றியது. தொகையை நாம் எண்ணிலும் எழுதுகிறோம், எழுத்திலும் எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதுதான் செல்லும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் எழுதும்போது மனசு அந்த எண்ணை வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறது. இருபத்தேழாயிரத்து நூறும் இருபத்தோராயிரத்து எழுநூறும் வாயில் ஒன்றுபோல வராது. கணக்கு எண்ணுக்கு அப்படி எழுத்து வடிவம் கிடையாது. நீளமான ஓர் எண்ணை இலக்கம் இலக்கமாகப் பார்த்து வரைய வேண்டியதுதான். மகள் இரட்டை இரட்டையாகப் படித்தபோது எனக்கு உடனே தெளிவானதற்குக் காரணம் அதுதான். எண்பத்தஞ்சு எழுபத்துநாலும் எண்பத்தேழு அம்பத்துநாலும் காதுக்கு முற்றிலும் வேறு. கண்ணுக்குத்தான் ஒன்று போல.

சரி, 8754-க்குப் பணம் போயிருந்தால்? அப்படி ஒரு கணக்கே இல்லை என்றால் பிழைத்தோம். வரவு வைக்க முடியாத ஆர்டிஜிஎஸ் பணத்தை, பெறும் வங்கி ஒரு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பதிவு தள்ளிப் போயிருக்கும், பணம் போயிருக்காது. எண்ணிலேயே ஒரு சோதனை இலக்கம் வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அப்படிப்பட்டது. மற்ற பதினோரு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள், பக்கத்து இலக்கங்கள் எவை இடம் மாறினாலும் அது பொருந்தாமல் போய்விடும். கார்டு எண்களிலும் இதே போல ஒரு முறை உண்டு, பூஜ்யமும் ஒன்பதும் இடம் மாறினால் மட்டும் அதற்குத் தெரியாது. நம் நாட்டு வங்கிக் கணக்கு எண்களுக்கு எல்லோருக்கும் பொதுவான அப்படி ஒரு முறை இல்லை. எண்ணின் நீளமே வங்கிக்கு வங்கி வேறு. அதனால் இன்னொரு வங்கியின் கணக்கு எண்ணை நான் அடிக்கும்போது, இது இருக்கக்கூடிய எண்ணா இல்லையா என்று எங்கள் ஸ்கிரீனால் சொல்ல முடியாது.

கணக்கு எண்கள் வரிசையாகப் போகும் கிளையாக இருந்தால் நிலைமை மோசம். 180 தள்ளி என்றால், அந்த வீட்டுக்காரர் கணக்கு தொடங்கிக் கொஞ்ச நாளில் அதே கிளையில் கணக்கு தொடங்கிய யாரோ ஒருவர். அவருக்கு 41,80,000 வரவாகியிருக்கும். ஆர்டிஜிஎஸ் அனுப்பினால் அனுப்பியதுதான், நாங்கள் நினைத்தாலும் இங்கிருந்து இழுத்துக்கொள்ள முடியாது. அந்த வங்கிக்கு எழுத வேண்டும். அவர்கள் கணக்கில் அந்தத் தொகையை நிறுத்தி வைத்து, கணக்குக்காரரிடம் சம்மதம் கேட்க வேண்டும். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அவர் அதற்குள் எடுத்துவிட்டாலோ, ஊரில் இல்லை என்றாலோ, முடியாது என்றாலோ, பெரியவர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மறுநாள் காலையில் பத்திரம் இருக்கிறது. எழுபது வயசு.

மறுநாள் பழைய வவுச்சர் கட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நான் அதுவரை போட்ட ஆர்டிஜிஎஸ் என்ட்ரிகள். ஒவ்வொரு ஃபார்மிலும் இரண்டு வரி, இரண்டும் ஒன்றுபோல. நான் அவற்றை ஒப்பிட்டு டிக் போட்டிருந்தேன். எதையும் சோதிக்காமல் போட்ட டிக்குகள். யாருக்கும் பணம் தப்பிப் போனதாகப் புகார் வரவில்லை, அவ்வளவுதான். பாராட்டை வாங்கிக்கொள்ள முடியாமல் போனது அந்தக் கட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான்.

பெயர் தெரிகிற ஸ்கிரீன்

2024 டிசம்பர் கடைசியில் ரிசர்வ் வங்கி இன்னொரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும், பணம் அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்றது. கிளைக்கு நேரில் வருபவர்களுக்கும் உண்டு. எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் கொடுத்தால், அந்த வங்கியில் பதிவான பெயர் வந்து நிற்கும். இதை முதல் தடவை பயன்படுத்தியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெயர் ஃபார்மிலிருந்து வரவில்லை, அனுப்புகிறவர் கையிலிருந்தும் வரவில்லை. கணக்கு இருக்கிற வங்கியே சொல்கிறது. எட்டு வருஷத்துக்கு முன் செக்கின் பின்பக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த இரண்டாவது சாட்சி இப்போது ஒவ்வொரு தடவையும் வருகிறது.

ஆனால் அதைப் படிக்க வேண்டும். அவசரத்தில் பெயர் வந்ததா என்று மட்டும் பார்த்து அடுத்ததுக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். செந்தில்குமார் என்று ஃபார்மில் இருந்து, ஸ்கிரீனிலும் ஒரு செந்தில்குமார் வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் செந்தில்குமாருக்குப் பஞ்சமில்லை. அதனால் பெயர் வந்த பிறகும் என் பழைய வேலையை நான் விடவில்லை.

யாராவது பெரிய தொகைக்கு ஃபார்ம் எழுதினால், கணக்கு எண்ணின் முதல் வரியை எழுதி முடித்ததும், அந்த வரியின் மேல் என் கையை வைத்து மறைத்துவிடுவேன். "இதைப் பார்க்காம, நீங்க கொண்டு வந்த சீட்டைப் பார்த்து ரெண்டாவது வரியை எழுதுங்க" என்பேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். போன மாதம் ஓர் அம்மா எழுதி முடித்தார், நான் கையை எடுத்தேன். மேலே 69, கீழே 96. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து பாஸ்புக்கைத் தேட ஆரம்பித்தார்.